வரவேற்புரையில் யாரை முதலில் விளிக்கிறது?

வணக்கம் உறவுகளே. எங்கட பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில மகள் வரவேற்புரை சொல்லப்போறா. தலைமை அதிபர், பிரதம விருந்தினர் வலயக் கல்விப் பணிப்பாளர், சிறப்பு விருந்தினர் ஒரு பழைய மாணவர். ஆசியுரைக்குக் குருக்களும் அருட்தந்தையும் வருகினம். நான் எழுதிக் குடுத்தது:

"அனைவருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்க வந்திருக்கும் மதகுருமார்களே, பிரதம விருந்தினர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, என் சக மாணவர்களே!"

தலைவரை முதலில் விளிக்கிறதுதான் மேடை முறை எண்டு நினைக்கிறன். மாமா மதகுருமாரைத்தான் முதலில் சொல்லோணும் எண்டுறார். எது சரி? முஸ்லிம், சிங்களப் பெற்றோரும் வருவினம். "அஸ்ஸலாமு அலைக்கும்", "ஆயுபோவன்" இரண்டையும் வணக்கத்தோட சேர்க்கலாமோ? சேர்த்தால் உச்சரிப்புப் பிழைக்கக்கூடாது, அதுதான் பயம். மேடை அனுபவம் உள்ள ஆசிரியர்மார் சொல்லுங்கோ.