புதுப்பிப்பு: புது ஜூனியர் அக்கவுண்டன்டின் முதல் 30 நாள்

"வேலூரில் நாலு பேர் உள்ள எங்கள் ஆபீசில் ஜூனியர் அக்கவுண்டன்ட் சேர்கிறார். முதல் 30 நாளில் எதை, எப்போது கொடுப்பது?" என்று இங்கே கேட்டிருந்தேன். பலர் பதில் சொன்னீர்கள்.

அந்தப் பெண் 1ஆம் தேதி சேர்ந்தார். ராணிப்பேட்டை அண்ணன் சொன்னபடி ஜிஎஸ்டி தேதிகளை வைத்தே திட்டம் போட்டேன். முதல் வாரம், ஏற்கெனவே முடித்த மாதத்தின் பேங்க் ஸ்டேட்மென்டை டேலியோடு ஒப்பிடச் சொன்னேன். விடை என்னிடம் இருந்ததால் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று உடனே தெரிந்தது. அப்புறம் பர்ச்சேஸ் பில் என்ட்ரி.

14ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான GSTR-2B வந்தது. ரூ.40,000 பில் ஒன்று, வரி ரூ.7,200, அதில் இல்லை. "அப்போ என்ட்ரியையே நீக்கிவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. பில்லில் கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் வரவை இந்த மாதம் எடுக்க முடியாது. ஆனால் சரக்கு வந்திருக்கிறதே, என்ட்ரி இருக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணே சப்ளையருக்கு போன் செய்தார். சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவராம், அதனால்தான் பில் இன்னும் வரவில்லை. அந்த வரித் தொகையைத் தனி லிஸ்டில் வைத்தோம்.

ஆம்பூர் அக்கா தன் ஆபீசில் டிடிஎஸ்ஸையும் முதல் மாதமே கொடுத்தாராம். 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது, எனக்குத் துணிச்சல் வரவில்லை. 20ஆம் தேதி மாத ரிட்டர்னான GSTR-3B போடும்போதும் எங்கள் ஜூனியரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த மாதம் அவரே போடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.