தாத்தா திறந்த வரி ஃபைலை இப்போது மூடலாமா?

பாம்பன் பேரன்:
அப்பாவுக்கு 76 வயது. அவர் பீரோவில் இரண்டு பான் கார்டு இருக்கிறது. ஒன்றில் நான்காவது எழுத்து P, இன்னொன்றில் H. அந்த H கார்டு எங்கள் குடும்பத்துக்காம், அப்பா அதற்குக் கர்த்தாவாம், அதாவது நிர்வாகத் தலைவராம். தாத்தா காலத்துக் கட்டடத்தை லாட்ஜுக்கு விட்டிருக்கிறோம், வாடகை மாதம் 70,000. அது முழுக்க H கணக்கில்தான் போகிறது. 2025-26க்குக் கணக்குப் போட்டால் 9,776 ரூபாய் வரி வருகிறது. அதையே அப்பாவின் சொந்தக் கணக்கில் காட்டினால் ஒரு பைசா வராது, அவருக்கு வேறு வருமானம் கொஞ்சம் பேங்க் வட்டிதான். அப்புறம் எதற்குத் தாத்தா இதை ஆரம்பித்தார்? மூடிவிடலாமா?

உப்புக்காற்று:
கணக்குப் போட்டவர் தப்பாகப் போட்டிருக்கிறார் நண்பரே. இப்போது 12 லட்சம் வரை யாருக்கும் வரி இல்லை. எச்யூஎஃப் என்கிற இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் அதே ஸ்லாப்தான். 9,776 கட்டாதீர்கள்.

பழைய பேரேடு:
ஸ்லாப் ஒன்றுதான், அது சரி. ஆனால் 12 லட்சம் என்பது ஸ்லாப் இல்லை. வரி ஆரம்பிக்கும் இடம் 4 லட்சம். அதற்கு மேல் வரும் வரியை 12 லட்சம் வரை தள்ளுபடி செய்கிறார்கள், அந்தத் தள்ளுபடி தனிநபருக்கு மட்டும். குடும்பம் தனிநபர் இல்லை.

வீட்டு வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், வருட வாடகை 8,40,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 5,88,000. 4 லட்சத்துக்கு மேல் உள்ள 1,88,000க்கு 5 சதவீதம் 9,400, செஸ் 376. தம்பி சொன்ன தொகை சரியாக வருகிறது.

தாத்தா ஏன் ஆரம்பித்தார் என்பதற்கு வருகிறேன். நான் ராமநாதபுரத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் முப்பது வருடம் பேரேடு எழுதியவன். குடும்பத்தைத் தனி ஆளாக வைத்தது வரியைக் குறைக்க இல்லை. பூர்வீகச் சொத்தில் பாகம் பிரிக்கும்வரை இன்னாருக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாது. அந்தக் காலச் சட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் எல்லோர் பங்கும் குறையும், ஒருவர் இறந்தால் மற்றவர்கள் பங்கு கூடும். யார் தலையில் வரி போடுவது? பணம் கர்த்தா கைக்கு வருகிறது, குடும்பத்தின் மேலேயே போட்டுவிட்டார்கள். 1922 சட்டத்தில் இருந்தது, 1961 சட்டத்திலும் தொடர்ந்தது. குடும்பம் வரி கட்டிய பணத்தில் உறுப்பினருக்குக் கொடுத்தால் அவருக்கு மறுபடி வரி இல்லை என்றும் வைத்தார்கள்.

வரி விகிதம் ஏற ஏறத்தான் இதில் ஒரு கதவு இருப்பது தெரிந்தது. 1973-74இல் மேல் தட்டுக்கு சர்சார்ஜோடு 97.75 சதவீதம். நூறு ரூபாயில் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். வருமானத்தை இரண்டு ஃபைலில் போட்டால் இரண்டும் கீழ்த் தட்டிலிருந்து ஆரம்பிக்கும். விஷயம் அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2018-19ஐ எடுங்கள். ஒருவருக்குக் கடை லாபம் 12 லட்சம், பூர்வீக வாடகை கழிவெல்லாம் போக 4 லட்சம். எல்லாம் அவர் பேரிலேயே இருந்தால் அந்த 4 லட்சத்துக்கு 30 சதவீதம், செஸ்ஸோடு 1,24,800. குடும்ப ஃபைலில் இருந்தால் முதல் இரண்டரை லட்சத்துக்கு ஒன்றுமில்லை, மீதி ஒன்றரை லட்சத்துக்கு 5 சதவீதம், செஸ்ஸோடு 7,800.

கீழக்கரை சங்கு:
நாங்கள் மூன்று சகோதரர்கள், 14 பேர், ஒரே உலை. வாப்பா காலத்திலிருந்து கடை பொது, கணக்கு பொது, பெருநாள் துணிகூட ஒரே இடத்தில்தான் எடுப்போம். இதைவிடக் கூட்டுக் குடும்பம் எங்கே இருக்கிறது? எங்களுக்கும் இந்த H கார்டு வாங்க என்ன ஃபாரம் போட வேண்டும்?

பழைய பேரேடு:
உங்களுக்குக் கிடைக்காது காக்கா. உலையை வைத்துச் சொல்வதில்லை, எந்த வாரிசுச் சட்டம் என்பதை வைத்துச் சொல்வது. இந்து, சமண, பௌத்த, சீக்கியக் குடும்பங்களுக்கு மட்டும். உங்கள் சட்டத்தில் வாப்பா மவுத்தானதுமே ஒவ்வொருவர் பங்கும் கணக்காகிவிடுகிறது, பிரியாத சொத்து என்று ஒன்று நிற்பதில்லை. கடையைக் கூட்டு வணிகமாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். இந்துக் குடும்பத்தில் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு அடுப்பில் இருந்தாலும் பூர்வீகச் சொத்து பிரியாமல் இருந்தால் அது கூட்டுக் குடும்பம்தான்.

மண்டபம் வாத்தியார்:
இதைத்தான் கேட்க வந்தேன். காக்கா வீட்டில் 14 பேர் ஒன்றாகச் சாப்பிட்டும் கிடையாது. சென்னையில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று இருக்கிற குடும்பத்துக்கு உண்டு. தங்கச்சிமடத்தில் படகு வைத்திருக்கும் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கும் கிடையாது. கேரளத்தில் 1976லேயே கூட்டுக் குடும்ப முறையைச் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள், அங்கே இந்துக்களுக்கே சிக்கல். நான் 28 வருடம் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டியவன், எனக்கு எந்தத் தாத்தாவும் இரண்டாவது ஆளாக வந்து நிற்கவில்லை. நேரடியாகச் சொல்லுங்கள் அய்யா, இது ஏமாற்றுத்தானே?

உப்புக்காற்று:
வாத்தியாரே, உங்கள் சம்பளத்தையும் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் "பொதுவில் சேர்த்தேன்" என்றால் முடிந்தது. எங்கள் மாமா செய்தார்.

பழைய பேரேடு:
சம்பளம் உழைத்தவனுக்குச் சேரும், அதை எழுதிக் கொடுத்தும் பயனில்லை. சுயார்ஜிதச் சொத்தை, அதாவது சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை, குடும்பப் பொதுவில் சேர்க்கலாம், பத்திரப் பதிவுகூட வேண்டாம், மனதார அறிவித்தால் போதும். உங்கள் மாமா எந்த வருடம் செய்தார் என்று கேளுங்கள். 1969 டிசம்பர் 31க்குப் பிறகு சேர்த்த சொத்தின் வருமானத்தைச் சேர்த்தவர் தலையிலேயே போடலாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். சொத்து குடும்பத்துடையது ஆகும், வரி மட்டும் அவருக்கே திரும்பி வரும்.

வாத்தியாருக்கு மறைக்காமல் சொல்கிறேன். சட்டப்படி ஏமாற்று இல்லை, ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சீனியர்கள் சொன்ன கதைகள் எல்லாம் யோக்கியமானவை என்றும் சொல்லமாட்டேன். அதிகம் நடந்தது பகுதிப் பாகப்பிரிவினை. வீடு பொது, நிலம் பொது, சாப்பாடு பொது. கருவாட்டுக் கடை முதல் 60,000ஐ மட்டும் பேரேட்டில் மூன்று பக்கமாகப் பிரித்து எழுதுவார்கள். அப்பா 20,000, பெரியவன் 20,000, சின்னவன் 20,000. மறுநாள் அதே கடை மூன்று பேர் கூட்டு. கல்லாவிலிருந்து ஒரு ரூபாய் நகர்ந்திருக்காது, மை மட்டும்தான் செலவு. பெரியவனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் 20,000 அவன் குடும்பத்தின் ஃபைல். ஒரே வாசல், நாலைந்து ஃபைல். 1978 டிசம்பர் 31க்குப் பிறகு செய்த பகுதிப் பிரிவினையை வரிக்கு ஏற்பதில்லை என்று அதையும் அடைத்துவிட்டார்கள்.

மண்டபம் வாத்தியார்:
மை மட்டும்தான் செலவு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

உப்புக்காற்று:
சரி, பழங்கதை இருக்கட்டும். பேரனுக்கு வழி எளிது. இந்த வருடம் H கணக்கில் ஒன்றும் காட்டாமல் அப்பா கணக்கில் காட்டட்டும். வரி பூஜ்யம். கட்டடம் குடும்பத்துடையது என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

பழைய பேரேடு:
அவர்களே இத்தனை வருடமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, வந்து பார்க்க வேண்டிய அவசியம் என்ன? லாட்ஜ்காரர் வாடகையில் வரி பிடித்தால் எந்தப் பானில் ஏற்றுகிறார் என்பதும் தெரிந்துவிடும். எந்த ஃபைலில் லாபம் என்று வருடாவருடம் தேர்ந்தெடுக்க முடியாது. சொத்து யாருடையதோ அவர் கணக்கில்தான் வருமானம். தம்பி, இடம் யார் வாங்கியது, கட்டடம் யார் கட்டியது?

பாம்பன் பேரன்:
இடம் கொள்ளுத்தாத்தாவுடையது, கருவாட்டுக் கொட்டகை இருந்த மனை. அவர் 1948இல் இறந்தார். தாத்தாவும் அவர் தம்பியும் 1971இல் பாகம் பிரித்தார்கள், அப்போது அப்பாவுக்கு 22 வயது. கட்டடம் தாத்தா ஐஸ் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டியது என்பார் அப்பா. தாத்தா இறந்தது 1984, உயில் இல்லை. சின்னத் தாத்தா தனுஷ்கோடியில் இருந்தவர், பழைய பத்திரமெல்லாம் 64 புயலில் போய்விட்டது என்பார்கள்.

பழைய பேரேடு:
மனை பூர்வீகம், அதில் சந்தேகமில்லை. 1971 பாகத்தில் தாத்தாவுக்கு வந்ததில் அப்பாவுக்குப் பிறப்பிலேயே பங்கு. கட்டடத்தில்தான் சிக்கல். தாத்தா அதைப் பொதுவில் சேர்க்காமலே இறந்திருந்தால் அது வாரிசுகளுக்குத் தனித்தனியாக வந்த சொத்து, குடும்பத்துடையது இல்லை. இதை நம் சென்னை உயர் நீதிமன்றம் 1978இல் கருப்பன் செட்டியார் வழக்கில் சொன்னது, உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் உறுதி செய்தது. சேர்த்திருந்தால் கட்டடமும் H கணக்குதான்.

அந்தக் காலத்தில் சேர்த்தோம், குடும்பம்தான் என்று நிரூபிக்கப் படாதபாடு படுவார்கள். இப்போது 9,776க்காக சேர்க்கவில்லை என்று நிரூபிக்க ஆசைப்படுகிறீர்கள்!

மூடத்தான் வேண்டும் என்றால் முழுப் பாகப்பிரிவினை செய்து, அதிகாரியிடம் சொல்லி உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு வரும்வரை பழைய ஃபைல் உயிரோடுதான் இருக்கும். உடன்பிறந்தவர்கள் உண்டா?

பாம்பன் பேரன்:
ஒரு அக்கா. 94இல் கல்யாணம் ஆகிவிட்டது, அவளுக்கு இதில் வராதுதானே?

பழைய பேரேடு:
வரும். 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆகாத மகளுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமே பிறப்புரிமை கொடுத்துவிட்டது. அப்பா, நீங்கள், அக்கா என்று மூன்று பங்கு. ஆளுக்கு 1,96,000. வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் யாருக்கும் வரி வராது. ஆனால் உங்களுக்கு மனைவி, பிள்ளை இருந்தால் உங்கள் பங்கு உங்கள் குடும்பத்தின் சொத்து, அதற்கும் ஒரு H. அக்காவின் பங்கு அவர் பிள்ளைகளோடு சேர்ந்து இன்னொரு H ஆகுமா என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம், நான் வாய் கொடுக்கமாட்டேன்.

பாம்பன் பேரன்:
பீரோவைக் குடைந்ததில் தாத்தா கையெழுத்தில் ஒரு ஸ்டாம்ப் பேப்பர் கிடைத்தது. "என் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய கட்டடத்தைக் குடும்பப் பொதுவில் கலந்துவிட்டேன்" என்று இருக்கிறது. பின்பக்கம் வெண்டர் சீல் 1969 டிசம்பர். கையெழுத்துக்குக் கீழே 1970 தை.

உப்புக்காற்று:
போச்சு! தேதி தாண்டிவிட்டது. அப்படியென்றால் H கணக்கு செல்லாது.

பழைய பேரேடு:
தாண்டியது தாத்தாவின் வரிக்கு. அவர் இருந்தவரை கட்டட வருமானத்தை அவர் தலையில் போட்டிருக்க வேண்டும், போட்டார்களா இல்லையா என்பது அந்தக் காலத்தோடு போயிற்று. சொத்து குடும்பத்துக்கு வந்தது வந்ததுதான். 9,776 நிற்கிறது தம்பி.

பாம்பன் பேரன்:
அக்காவிடம் போனில் சொன்னேன். பாகம் இருக்கட்டும், அப்பாவுக்கு அப்புறம் கர்த்தா யார், நான்தானே மூத்தவள் என்கிறாள்.

பழைய பேரேடு:
டெல்லி உயர் நீதிமன்றம் 2015இல் மூத்த மகள் கர்த்தா ஆகலாம் என்றது. அந்த ஸ்டாம்ப் பேப்பரை இரண்டு நகல் எடுத்து அக்காவுக்கு ஒன்று அனுப்பிவிடுங்கள்.