எந்தக் குழி நிரம்புகிறது என்று பார்த்த பிறகு எழுதிய மனு

தேன்மொழி: எங்கள் தெருவில் பாதாள சாக்கடை அடிக்கடி பொங்கும். புகார் செய்தால் ஜெட்டிங் வண்டி வரும், அடைப்பை எடுக்கும், "தீர்க்கப்பட்டது" என்று பதிவாகிவிடும். சில வாரத்தில் பழைய கதைதான். இந்த முறை வண்டியோடு வந்த அண்ணனிடம் மூடிகளைத் திறக்கும்போதே காட்டச் சொன்னேன். மூன்றாவது குழியில் கழிவுநீர் விளிம்பு வரை நின்றது. கழிவுநீர் போகும் திசையில் அடுத்து இருக்கும் நாலாவதில் அடியில் மெல்லிசாக ஓடியது. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். அதை வைத்து ஆணையருக்கு எழுதினேன்:

"பொருள்: 3, 4ஆம் ஆள்நுழைவுக் குழிகளுக்கு இடைப்பட்ட கழிவுநீர்க் குழாயில் தொடர் அடைப்பு – நிரந்தரமாகச் சீரமைக்கக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: முந்தைய புகார் எண்களும் தேதிகளும் (இணைப்பு).
மழையில்லாத நாட்களிலும் கழிவுநீர் பொங்குகிறது. அடைப்பு நீக்கிய பின்னும் அதே இடத்தில் திரும்ப வருவதால், குழாய் உடைந்தோ தாழ்ந்தோ இருக்கலாம் எனக் கருதுகிறோம். உதவிப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்து, குழாயின் உட்புறத்தைக் கேமரா மூலம் பார்த்து, மேற்கொள்ளும் பணியை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்."

தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். உதவிப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டார். மதிப்பீடு தயாராகிறதாம்.

ரவி: இதெல்லாம் எதுக்குங்க? பத்து ரூபாயில் ஆர்டிஐ போடுங்க. 30 நாளில் வேலையை முடிச்சே ஆகணும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்: தம்பி, அந்த 30 நாள் தகவல் தருவதற்கு. வேலைக்கு இல்லை. ஆனால் அந்தத் தெருவுக்கு ஜெட்டிங் வண்டி வந்த தேதிகளை ஆர்டிஐயில் கேட்டு வாங்கி மனுவோடு சேர்த்தால், அவர்கள் பதிவேடே உங்களுக்குச் சாட்சி. அம்மா, நாலாவது குழியும் நிரம்பியிருந்தால் இந்த மனு தவறான இடத்தைக் காட்டியிருக்கும். அப்போது கோளாறு இன்னும் கீழே, சில சமயம் பம்பிங் ஸ்டேஷனிலேயே இருக்கும். இன்னொன்று, சிலர் "ஆளை இறக்கிச் சுத்தம் செய்க" என்று எழுதுகிறார்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது. மனுவில் அப்படிக் கேட்காதீர்கள்.

மீனா: எங்க வீட்டிலும் இதே பிரச்சினை! மழை பெய்தால் மட்டும் பாத்ரூம் வழியாகத் தண்ணி மேலே வருது. இதே மனுவை அப்படியே கொடுக்கலாமா?

ஓவர்சியர்: கொடுக்காதீங்க. உங்களுடையது வேறு. மழைக்கு மட்டும் என்றால் யாரோ மொட்டை மாடித் தண்ணீரைச் சாக்கடை இணைப்பில் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை ஆய்வு செய்யக் கேளுங்கள்.

மீனா: பக்கத்து வீட்டுக் குழாய் அப்படித்தான் இறங்குது. பேரைப் போட்டு எழுதினா சண்டை வரும்.

தேன்மொழி: பேர் வேண்டாம். தெருவில் உள்ள எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரவி: தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினா இன்னும் வலு இல்லையா?

ஓவர்சியர்: சில இடத்தில் உதவும். நான் இருந்த அலுவலகத்தில் கையெழுத்தைவிடப் பார்வையில் இருந்த புகார் எண்களைத்தான் முதலில் பார்ப்போம்.