புதுப்பிப்பு: கீமோ கையேட்டில் காய்ச்சல் பகுதியை மாற்றியிருக்கிறோம்

“ராத்திரி காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போட்டுட்டு, காலைல வார்டுக்குக் கூப்பிட்டா போதாதா?”

போதாது. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது சீழோ சளியோ இல்லாமலே தொற்று பரவும். காய்ச்சல் மட்டுமே தடயமாக இருக்கலாம். மாத்திரை அதையும் மறைத்துவிடும்.

நோயாளிக்குப் பத்தாம் நாள் இரவு 11 மணிக்கு 100.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டால் 12 மணிக்கு 99. நிம்மதியாகத் தூங்குவார், விடிவதற்குள் ரத்த அழுத்தம் சரியலாம். அதனால் முதலில் அளவு, உடனே வார்டுக்கு அழைப்பு, அவர்கள் சொன்னால்தான் மாத்திரை.

வார்டு செவிலியர் சேர்க்கச் சொன்னது: குளிர்நடுக்கம் இருந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் அழையுங்கள். ஆசனவாயில் வைத்து அளக்கவே கூடாது.

“அக்குளில் வைத்தால் போதும்” என்றார் ஒருவர். பாதி சரி. வாய்ப்புண் உள்ளவருக்கு அதுதான் வசதி, ஆனால் அளவு சற்றுக் குறைவாகவே காட்டும்.

இன்னொருவர் தன் அம்மாவுக்கு வாந்தி மாத்திரை தங்கவில்லை என்று எழுதியிருந்தார். அது காய்ச்சல் கேள்வி அல்ல, ஆனாலும் காத்திருக்காதீர்கள்: 24 மணி நேரம் தண்ணீரே தங்காவிட்டால் அதுவும் அழைக்க வேண்டிய காரணம்தான்.

வார்டை அழைக்க வேண்டிய காய்ச்சல் எல்லை 100.4-ஆ 101-ஆ என்பதில் வார்டுக்கு வார்டு வித்தியாசம் உண்டு. கையேட்டில் 100.4 என்றே போட்டிருக்கிறோம். உங்கள் வார்டு வேறு சொன்னால் அதையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.