புதுப்பிப்பு: அப்பாவோட பென்ஷன் கம்யூட்டேஷன்

என் பழைய கேள்வி: "அப்பா 60 வயசுல சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலைல இருந்து ரிட்டயர் ஆகுறார், பென்ஷன் 50,000, 40% கம்யூட் பண்ணி மொத்தமா வாங்கலாமா?"

முழுசா உக்காந்து கணக்கு போட்டாச்சு. விட்டுக்கொடுக்கிறது மாசம் 20,000, அதாவது வருஷத்துக்கு 2,40,000, அத வயசுக்கு ஏத்த ஃபேக்டர் 8.194ஆல பெருக்கினா கைக்கு வர்றது 19,66,560. மாசம் 20,000 பிடித்தம் 15 வருஷம் வரைக்கும்தான், அப்புறம் முழு பென்ஷன் திரும்ப வரும். டிஏ முழு பென்ஷனுக்கும் வந்துடும், அதனால அதுல வித்தியாசம் இல்ல.

ஒருத்தர் "15 வருஷத்துல 36 லட்சம் புடிக்கிறாங்க, பகல் கொள்ளை"ன்னார். பாதி சரி, ஆனா 15 வருஷம் கழிச்சு வர்ற 20,000மும் இன்னைக்கு வர்ற 20,000மும் ஒண்ணு இல்லையே. 7% வட்டில அந்த 180 மாசத்தையும் இன்னைக்கு மதிப்புக்கு கொண்டுவந்தா சுமார் 22.25 லட்சம், 9%ல போட்டா ரெண்டும் கிட்டத்தட்ட சமம். ரிஸ்க் இல்லாம 9% அப்பாவுக்கு எங்க கிடைக்கும்? அதனால பென்ஷனே மேல்னு நினைச்சேன்.

அப்பதான் ரிட்டயர்ட் அக்கவுன்ட்ஸ் சார் ஒருத்தர் முக்கியமான விஷயம் சொன்னார், அப்பா நடுவுல தவறிட்டா மீதி பிடித்தம் அம்மாவோட ஃபேமிலி பென்ஷன்ல வராது, அது முழுசா வரும். அப்போ அந்த 22.25 லட்சம் அவர் 15 வருஷமும் இருந்தாதான். 7%ல பாத்தா சுமார் 12 வருஷத்துக்கு முன்னாடியே அவர் தவறிட்டா மொத்தமா வாங்குனதுதான் லாபம்.

வரி கட்டுறவங்களுக்கு கணக்கு மாறும், மொத்தமா வர்றதுக்கு வரி இல்ல, மாசப் பென்ஷனுக்கு உண்டு. என்பிஎஸ் பத்தி கேட்ட அக்கா, உங்களுக்கு இந்த ஃபேக்டரே கிடையாது, இத வச்சு முடிவு பண்ணாதீங்க.

அப்பாவுக்கு சுகர் இருக்கு, வீட்டு லோன் பாக்கி 9.5%ல ஓடுது, அத அடைக்க வேண்டிய அளவுக்கு மட்டும் கம்யூட் பண்ணலாம்னு நான் சொல்றேன், அம்மா முழு 40%ங்கிறாங்க.