பிளாக்கிங் கிளிப்புக்கு எப்படிக் கருத்துக் கேக்கறதுங்க?

வணக்கமுங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டியில ஒருத்தர் மூட்டையைத் தூக்கித் தோள்ல வைக்கிற அனிமேஷன் ஷாட்டுங்க. வினாடிக்கு 24 ஃப்ரேம், மொத்தம் 96. இன்னும் பிளாக்கிங்தான், போஸெல்லாம் ஸ்டெப்டுல இருக்குது. டீமுக்கு அனுப்புனா "விரல் வெறப்பா இருக்குது", "அசைவு வெட்டி வெட்டி வருது"ங்கறாங்க. ஸ்டெப்டுன்னா வெட்டத்தானுங்க செய்யும்! விரலெல்லாம் பாலிஷ்ல பாத்துக்கற வேலை.

"மூட்டை கனமாத் தெரியல"ங்கறது நல்ல கருத்துதான், ஆனா எங்க திருத்தறதுன்னு அதுல இல்லீங்க. ஒருத்தர் மட்டும் இப்படி எழுதினாரு: "30வது ஃப்ரேம்ல பிடிக்கறாரு, அதே ஃப்ரேம்ல மூட்டை தரையை விட்டுருது. இடுப்பு எட்டவே நிக்குது. 38 வரைக்கும் மூட்டை அசையாம இருக்கட்டும். அதுக்குள்ள கை இறுகி, இடுப்பு தாழ்ந்து மூட்டைகிட்ட வரட்டும்." படிச்ச கையோட திருத்திடலாம்.

இப்ப ஃப்ரேம் நம்பரை வீடியோ மேலயே ஓட விட்டு, "கனம் தெரியுதா? விரல், முகம் வேண்டாம்"னு ஒரு வரி சேத்து அனுப்பறதுங்க. அப்படியும் ஒருத்தர் 8 ஃப்ரேம் நிறுத்தச் சொல்றாரு, இன்னொருத்தர் 4 போதும்ங்கறாரு. ரெண்டையும் பிளேபிளாஸ்ட் எடுத்துக் காட்டிக் கேக்கறதா, இல்ல லீட் சொல்றதை மட்டும் எடுத்துக்கறதா? உங்க டீம்ல எப்படிங்க பண்றீங்க?