புதுப்பிப்பு: ஜாப் கார்டு மணி, சம்பள மணி

முன்பு நான் கேட்டது: "எங்கள் லேத் பட்டறையில் 9 பேர். ஒரு வாரச் சம்பளக் கணக்கில் 456 மணி, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று எழுதும் ஜாப் கார்டுகளில் 396 மணி. மீதி 60 எங்கே போனது?"

உற்பத்திச் செலவுக் கணக்கு பார்க்கும் அக்கா ஒருவர், மொத்தத்தை விட்டுவிட்டு ஆள்வாரியாக, நாள்வாரியாக ஒப்பிடச் சொன்னார். அப்படிச் செய்ததும் இரண்டு தவறுகள் தெரிந்தன. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பதால், 12 மணியை 24 என்று சம்பளத் தாளில் ஏற்றியிருந்தோம். பணம்தான் இரட்டிப்பு, நேரம் இல்லை. ஆக, பஞ்சிங் நேரம் 444தான்.

அப்புறம், ஒருவர் மூன்று நாள் இரண்டு சிஎன்சி மிஷின்களைச் சேர்த்துப் பார்த்தார். இரண்டு கார்டிலும் எட்டெட்டு மணி எழுதிவிட்டார். ஒரு நாளில் ஒருவருக்கு 16 மணி வந்ததும்தான் பிடிபட்டது. அந்த 24 மணியைக் கழித்தால் கார்டு நேரம் 372. அதாவது உண்மையான இடைவெளி 60 இல்லை, 72! ஒரு தவறு இன்னொன்றை மறைத்திருக்கிறது.

டீ நேரம்தான் காரணம் என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. ஆளுக்குத் தினம் 20 நிமிடம், ஆறு நாளில் 18 மணி. மிஷினை அடுத்த வேலைக்குத் தயார் செய்யும் செட்டிங் நேரத்தை யாரும் எழுதவில்லை, அது 31 மணி. பயோமெட்ரிக் மிஷினை மாற்றச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, ஆனால் பஞ்சிங்கில் பிழை இல்லை.

இப்போது மிஷின் மணிக்குத் தனிக் கட்டம், காத்திருப்புக்குத் தனிக் கார்டு வைத்திருக்கிறோம். மீதி 23 மணி இன்னும் பிடிபடவில்லை.